அசோசியேட் இன்டர்வியூவில் நான் கேட்கும் ஒரே கேஸ்

தனியார் பல் மருத்துவமனைக்கு அசோசியேட் எடுக்கும்போது பெரும்பாலும் கேட்கப்படுவது, "பயிற்சிக் காலத்தில் எத்தனை ரூட் கெனால் செய்தீர்கள், எத்தனை பல் எடுத்தீர்கள்?" என்பதுதான். இந்தக் கேள்வியை நான் விட்டுவிட்டேன். எண்ணிக்கையை வைத்து ஒருவருடைய கையை எடைபோட முடியாது. கல்லூரியில் ஒருவர் பல்லைத் திறந்து கொடுத்திருப்பார், முதுநிலை மாணவர் முடித்திருப்பார். இருவர் கணக்கிலும் அதே பல் ஏறும்.

அதற்குப் பதிலாக, "நீங்களே செய்த ஒரு கீழ்க் கடைவாய்ப்பல் ரூட் கெனால். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்ததில் தொடங்கி, நீங்கள் பயன்படுத்திய கருவிகள் மறுபடி தட்டுக்கு வரும் வரை சொல்லுங்கள்" என்று கேட்கிறேன். நோயாளியை நடத்தும் விதம், சிகிச்சை, ஸ்டெரிலைசேஷன் மூன்றும் இந்த ஒரு கேஸிலேயே வந்துவிடும். மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால் பாடப்புத்தகம்தான் திரும்பக் கிடைக்கும்.

இரவெல்லாம் தூங்கவிடாத வலியோடு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மரப்பு ஊசி போட்டாயிற்று, உதடு நன்றாக மரத்துவிட்டது. பல்லைத் திறக்க ஆரம்பித்ததும் அவர் துள்ளி எழுகிறார். இந்த இடத்தில் பலர், "அது பயம்தான் டாக்டர், உதடுதான் மரத்துவிட்டதே" என்கிறார்கள். உதடு மரத்தது என்றால் ஊசி அந்த நரம்பை எட்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம். பல்லுக்குள் அழற்சி முற்றியிருக்கும்போது அங்குள்ள நரம்பு எளிதில் அடங்காது. அதிலும் கீழ்க் கடைவாய்ப்பல்லில் இது அடிக்கடி நடக்கும்.

சமீபத்தில் வந்த ஒரு டாக்டர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. பல்லைத் திறப்பதற்கு முன்பே, பஞ்சில் குளிர் ஸ்ப்ரே அடித்து அந்தப் பல்லில் வைத்துப் பார்ப்பாராம். கூச்சம் இருந்தால் டிரில்லைத் தொடமாட்டார். இன்னும் சில நிமிடம் காத்திருப்பார். அப்புறமும் இருந்தால் கன்னப்பக்கம் ஆர்ட்டிகெய்ன் என்ற மரப்பு மருந்து, அதற்கும் அடங்காவிட்டால் பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள தசைநாரில் ஊசி. பல்கூழுக்குள்ளேயே போடும் ஊசியைக் கடைசிக்கு வைத்திருந்தார். அது போடும்போதே வலிக்கும், அதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிடுவேன் என்றார். "வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்துகிறேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லி, கை உயர்ந்தபோது உண்மையிலேயே நிறுத்தியதையும் சொன்னார். நோயாளியை நடத்துவது எப்படி என்று தனியாக அவரிடம் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

சிகிச்சைப் பகுதியில் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு கிடையாது. ரப்பர் டேம் போட்டீர்களா, வேரின் நீளத்தை எப்படி அளந்தீர்கள், எக்ஸ்ரேயும் அபெக்ஸ் லொகேட்டரும் வெவ்வேறு அளவு காட்டினால் என்ன செய்தீர்கள், அவ்வளவுதான். ஒன்று மட்டும் வற்புறுத்திக் கேட்பேன்: எதைத் தனியாகச் செய்தீர்கள், எதை மேற்பார்வையில் செய்தீர்கள், எதைப் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள்? "மூன்று கால்வாய் உள்ள பற்களை மேற்பார்வையில்தான் முடித்திருக்கிறேன், நான்காவது கால்வாயைத் தேடி எடுத்ததில்லை" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு எந்த கேஸ் கொடுக்கலாம், எதில் நான் உடன் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எல்லாம் தெரியும் என்பவரை எங்கே வைப்பதென்று தெரியாது.

கால்வாயைச் சுத்தம் செய்யும் ஃபைல் உள்ளே உடைந்துவிட்டால்? எக்ஸ்ரே எடுத்து எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும், அன்றைக்கே நோயாளியிடம் சொல்ல வேண்டும். எடுக்க முடியுமா, அதைத் தாண்டிப் போக முடியுமா, அப்படியே விட்டுக் கண்காணிக்கலாமா என்பதெல்லாம் அது எந்த ஆழத்தில், எந்தக் கட்டத்தில் உடைந்தது என்பதைப் பொறுத்தது. சுத்தம் செய்து முடிக்கும் தறுவாயில் உடைவதும், தொற்று நிறைந்த கால்வாயில் தொடக்கத்திலேயே உடைவதும் ஒன்றல்ல. "சீனியரிடம் சொல்வேன்" என்பதோடு பதிலை நிறுத்துகிறவர்களிடம், நோயாளியிடம் என்ன சொல்வீர்கள் என்று மறுபடி கேட்கிறேன்.

சரி, நோயாளி எழுந்து போய்விட்டார். என்னைப் பொறுத்தவரை இன்டர்வியூவின் கனமான பகுதி இனிமேல்தான்.

"121 டிகிரி, 15 பவுண்ட் அழுத்தம், 15 நிமிடம்." பல்லைத் துளைத்த ஹேண்ட்பீஸை ஆட்டோகிளேவில் எப்படி ஸ்டெரிலைஸ் செய்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். பாடம் சரிதான், ஆனால் அந்த ஹேண்ட்பீஸுக்கு அது போதாது. அதன் உள்ளே மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. நோயாளியின் எச்சிலும் ரத்தமும் அதற்குள் உறிஞ்சப்படலாம். அந்தக் குழாயில் காற்று அடைபட்டிருந்தால் நீராவி உள்ளே போகாது. நீராவி தொடாத இடத்தில் கிருமி சாகாது. அதனால்தான் முதலில் காற்றை வெளியே இழுத்துவிட்டு நீராவியைச் செலுத்தும் B வகை ஆட்டோகிளேவ் தேவைப்படுகிறது. பெரும்பாலும் 134 டிகிரியில் மூன்று, நான்கு நிமிடம் நிறுத்துவார்கள். பையில் போடாத, உள்ளீடற்ற குழாய் இல்லாத கருவிகளுக்குத்தான் சாதாரண N வகை ஆட்டோகிளேவ். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது இதில் எந்தக் கணக்கிலும் வராது.

அடுத்து, "ஆட்டோகிளேவ் வேலை செய்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" பையில் ஒட்டிய டேப்பின் கோடு கறுத்துவிட்டது என்கிறார்கள். அந்தக் கோடு பை வெப்பத்துக்குள் போய்வந்தது என்பதை மட்டும் சொல்லும். பையின் உள்ளே வைக்கும் இண்டிகேட்டர் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். கிருமி செத்ததா என்பதற்கு ஸ்போர் டெஸ்ட்தான். வெப்பத்தை எளிதில் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் ஸ்போர்களை உள்ளே வைத்து, வெளியே எடுத்து, அவை மறுபடி வளர்கின்றனவா என்று பார்ப்பது. வாரம் ஒருமுறையாவது செய்ய வேண்டும். இதைக் கல்லூரியில் நேரில் பார்த்த மாணவர்கள் மிகக் குறைவு. அது அவர்கள் குற்றமில்லை, கருவிகள் ஒரு ஜன்னல் வழியே போய் இன்னொரு ஜன்னல் வழியே திரும்பி வந்தன. ஆனால் தனியார் மருத்துவமனையில் அந்த ஜன்னல் இல்லை. ஈரமாக வெளியே வந்த பையை உதவியாளர் தட்டில் வைத்தால், நிறுத்த வேண்டியது நீங்கள்தான். ஈரமான காகிதத்தின் வழியே வெளிக்கிருமி உள்ளே போய்விடும். திரும்ப அனுப்பத்தான் வேண்டும்.

இதையே நீங்கள் எங்களிடமும் கேட்க வேண்டும். இன்டர்வியூ முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் சம்பளத்தையும் சதவீதத்தையும் மட்டும் கேட்டுவிட்டு எழாதீர்கள். ஒரு நாற்காலிக்கு எத்தனை ஹேண்ட்பீஸ் என்று கேளுங்கள். கணக்கு எளிது. அரைமணிக்கு ஒரு நோயாளி. ஒரு ஹேண்ட்பீஸைக் கழுவி, எண்ணெய் விட்டு, பையில் போட்டு, உலர்த்தலோடு சுற்று முடிந்து, ஆறி வர ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். அதற்குள் மூன்று நோயாளிகள் வந்துபோவார்கள். அப்படியென்றால் சுற்றில் மூன்று, கையில் ஒன்று, ஆக குறைந்தது நான்கு தேவை. ஆட்டோகிளேவ் நிறையும் வரை காத்திருந்தால் இன்னும் கூடும். நாள் முழுக்க நாற்காலி நிறைந்திருக்கும் இடத்தில் இரண்டுதான் இருக்கிறது என்றால், நடுவில் என்ன நடக்கிறது என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். அப்புறம் ஸ்டெரிலைசேஷன் அறையையும், கடைசி ஸ்போர் டெஸ்ட் பதிவையும் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற இடத்தில் சேர வேண்டாம் என்பது என் கருத்து.