எஸ்டரை சோடியம் போரோஹைட்ரைடு தொடுமா?

“C=O இருந்தால் போதும், NaBH₄ ஆல்கஹாலாக்கிவிடும். LiAlH₄ அதையே வேகமாகச் செய்யும், அவ்வளவுதான்.”

தவறு. ஆல்டிஹைடு, கீட்டோன் வரைக்கும் சரி. எஸ்டர், கார்பாக்சிலிக் அமிலம், அமைடு ஆகியவற்றுக்கு LiAlH₄ வேண்டும். அதிலும் அமைடு தருவது ஆல்கஹால் அல்ல, பெரும்பாலும் அமீன்.

மெத்தில் 4-அசிட்டைல்பென்சோயேட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே மூலக்கூறில் கீட்டோனும் எஸ்டரும் இருக்கின்றன. மெத்தனாலில் கரைத்து, 0 °C-இல் NaBH₄-ஐச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் கீட்டோன் மட்டும் ஒடுங்கும். அகச்சிவப்பு நிறமாலையில் இது தெளிவாகத் தெரியும்: 1685 செ.மீ⁻¹ அருகே இருந்த கீட்டோன் பட்டை மறைந்து, 3400 அருகே அகலமான OH பட்டை எழும். 1720 அருகே உள்ள எஸ்டர் பட்டை அப்படியே நிற்கும். LiAlH₄ போட்டால் இரண்டு C=O பட்டைகளுமே போய்விடும்; கிடைப்பது டையால்.

காரணம் எஸ்டரில் இருக்கிறது. அதன் OR ஆக்சிஜன் தன் தனி இணை எலக்ட்ரான்களைக் கார்பனைல் கார்பனுக்குத் தருவதால், அந்தக் கார்பனுக்கு ஹைட்ரைடின் மேல் ஈர்ப்பு குறைகிறது. B–H பிணைப்பு ஹைட்ரைடை எளிதில் விடாது. Al–H விடும், கூடவே Li⁺ கார்பனைல் ஆக்சிஜனைப் பிடித்துக் கார்பனை இன்னும் தூண்டுகிறது.

ஒரு வரம்பு உண்டு: NaBH₄-ஐ அதிகமாகப் போட்டு நெடுநேரம் சூடாக்கினால் சில எஸ்டர்களும் ஒடுங்கும். ஆனால் LiAlH₄-ஐ மெத்தனாலில் போடவே கூடாது. ஹைட்ரஜன் சீறி வந்து தீப்பிடிக்கலாம். உலர்ந்த ஈதர் அல்லது டெட்ராஹைட்ரோஃபியூரானில்தான் செய்ய வேண்டும்.