காசு வாங்கித் தந்தது உயிரையா, வழியையா?

கடைகளில் காசு போட்டு வீடியோ கேம் ஆடும் ஆர்கேட் இயந்திரங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "காசு பிடுங்கத்தானே அவற்றைச் செய்தார்கள்" என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கூற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு காசுக்கு மூன்று உயிர் என்று தொடங்கிய காலத்தில் அது நியாயமான பேரமாகத்தான் இருந்தது. தோற்ற பிறகு இன்னொரு காசு போட்டு அதே ஆட்டத்தைத் தொடரலாம் என்று பின்னால் வந்த கன்டினியூ என்ற ஏற்பாடுதான் பேரத்தின் தன்மையை மாற்றியது. அதுவும் எல்லா ஆட்டங்களிலும் ஒரே விதமாக மாற்றவில்லை.

1980இல் நாம்கோ வெளியிட்ட பேக்மேனை எடுத்துக்கொள்வோம். அதன் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் விரல் நுனியால் தள்ளக்கூடிய டிப் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். காசுக்கு எத்தனை உயிர் என்பதைக் கடைக்காரர் அவற்றில்தான் முடிவு செய்வார்: 1, 2, 3 அல்லது 5. கூடுதல் உயிர் 10,000 புள்ளியில் கிடைக்க வேண்டுமா, 15,000இலா, 20,000இலா, அல்லது கிடைக்கவே வேண்டாமா என்பதும் அங்கேயே தீர்மானமாகும். வழக்கமான அமைப்பு மூன்று உயிரும் 10,000 புள்ளியும். கூடுதல் உயிர் ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான்.

இந்த 10,000 என்ற எல்லை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு புதிர்வழியில் பத்துப் புள்ளி மதிப்புள்ள சிறு பொட்டுகள் 240, ஐம்பது புள்ளி மதிப்புள்ள பெரிய பொட்டுகள் நான்கு. ஆக, பேய்களிடமிருந்து ஓடி ஒளிந்து பொட்டுகளை மட்டும் தின்று முடிப்பவருக்கு 2,600 புள்ளி சேரும். பழங்களைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அவர் கூடுதல் உயிரைப் பெற நான்காவது புதிர்வழியின் கடைசிவரை தாக்குப்பிடித்தாக வேண்டும். ஆனால் பெரிய பொட்டைத் தின்ற கையோடு நான்கு பேய்களையும் துரத்திப் பிடிப்பவருக்கு 200, 400, 800, 1,600 என்று ஒரே ஓட்டத்தில் 3,000 புள்ளி கிடைக்கும். நான்கு பெரிய பொட்டுகளிலும் அதைச் செய்தால் முதல் புதிர்வழியிலேயே 14,600 சேர்ந்து, கூடுதல் உயிரும் கைக்கு வந்துவிடும். துணிந்து ஆடுபவருக்கு இயந்திரம் கொடுக்கும் கூலி அது. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

இந்தப் பேரத்தில் கடைக்காரர்தான் ஏமாந்த காலமும் உண்டு. விண்கப்பலிலிருந்து பாறைகளைச் சுட்டு உடைக்கும் ஆட்டமான, 1979இல் வந்த அட்டாரியின் ஆஸ்டிராய்ட்ஸில் ஒவ்வொரு 10,000 புள்ளிக்கும் ஒரு கப்பல் கூடுதலாகக் கிடைத்தது. அதற்கு எல்லையே இல்லை. பாறைகளை உடைத்து முடிக்காமல் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைத்து, திரையின் ஓரத்தில் பதுங்கிக்கொண்டு, வந்து போகும் சிறிய பறக்கும் தட்டுகளை மட்டும் சுட்டால் ஒவ்வொன்றுக்கும் 1,000 புள்ளி என்பதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே காசில் ஒருவர் மணிக்கணக்கில் இயந்திரத்தைப் பிடித்துக்கொள்ள, பின்னால் நின்றவர்களின் காசு சட்டைப்பையிலேயே இருந்தது. அடுத்து வந்த ஆஸ்டிராய்ட்ஸ் டீலக்ஸில் இந்தப் பதுங்கல் உத்தி பலிக்காதபடி ஆட்டத்தையே திருத்தினார்கள்.

தேர்ந்தவரை விரைவாகத் தோற்கடிக்க வேண்டும், புதியவரையும் விரட்டிவிடக் கூடாது என்ற இந்த இரட்டைச் சிக்கலுக்குக் கிடைத்த விடைதான் கன்டினியூ. பேக்மேனுக்கு அது பொருந்தாது. ஒரே புதிர்வழி திரும்பத் திரும்ப வரும் ஆட்டத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில் என்ன ஆசை இருக்க முடியும்? ஸ்டேஜ் ஸ்டேஜாக முன்னேறி, கடைசியில் ஒரு முடிவையும் வைத்திருந்த ஆட்டங்கள் பெருகிய பிறகுதான் கன்டினியூவுக்கு மதிப்பு வந்தது.

அந்த நொடியை எப்படிச் செதுக்கினார்கள் என்பதற்கு 1988இல் டெக்மோ வெளியிட்ட நிஞ்சா கைடன் ஆர்கேட் ஆட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கடைசி உயிரும் போனவுடன், நாம் ஆடிய நாயகன் கட்டிப்போடப்பட்டு மல்லாந்து கிடப்பான். மேலேயிருந்து சுழலும் வட்ட ரம்பம் அவன் மார்பை நோக்கி இறங்கிக்கொண்டிருக்க, திரையில் எண்கள் குறைந்துகொண்டே வரும். காசைப் போட்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் அவன் தப்பிப்பான், இல்லையென்றால் இல்லை. தோற்றவர் தம் ஆட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தைச் சில்லறை தேடும் பதற்றமாக மாற்றிய திரை இது. இதை நான் திறமையான வேலை என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நேர்மையான வேலை என்று சொல்ல மாட்டேன். எண்ணிக்கை நீளவும் முடியாது, ஏனென்றால் காத்திருக்கும் இயந்திரம் சம்பாதிப்பதில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் பொத்தானை அழுத்தினால் எண்கள் வேகமாக இறங்குவதும் இதற்குத்தான்: தொடர விரும்பாதவர் சீக்கிரம் விலகி, அடுத்தவருக்கு இடம் விடலாம்.

ஆனால் கன்டினியூவின் நல்லது கெட்டதைத் தீர்மானிப்பது அந்தத் திரை அன்று. காசு போட்ட பிறகு ஆட்டம் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே. 1987இல் ஐரெம் வெளியிட்ட விண்கப்பல் சுடும் ஆட்டமான ஆர்-டைப், இறந்தவரைச் சற்றுப் பின்னால் உள்ள ஓர் இடத்தில், சேர்த்த ஆயுதங்கள் எதுவும் இல்லாமல் நிறுத்தும். அங்கே எத்தனை காசு போட்டாலும் அந்தப் பகுதியைக் கற்றுக்கொள்ளாமல் தாண்ட முடியாது. காசுக்குக் கிடைப்பது இன்னொரு முயற்சி மட்டுமே. கேப்காமின் அடிதடி ஆட்டமான ஃபைனல் ஃபைட்டில் விழுந்த இடத்திலேயே எழுந்து நிற்கலாம், நாம் அடித்துக் குறைத்த எதிரியின் உயிர்க்கோடும் குறைந்தபடியே இருக்கும். அங்கே காசு வழியையே வாங்கித் தந்துவிடுகிறது. அட்டாரியின் கான்ட்லெட் 1985லேயே இந்தப் பாதையில் இன்னும் தொலைவு சென்றிருந்தது. அதில் எண்ணி வைக்கும் உயிர்களே கிடையாது. யாரும் தொடாவிட்டாலும் நேரம் போகப் போகக் குறைந்துகொண்டே இருக்கும் ஓர் ஆரோக்கிய எண் மட்டும் உண்டு. நான்கு பேருக்கும் தனித்தனிக் காசுத் துளை. ஆட்டத்தின் நடுவிலேயே காசு போட்டு அந்த எண்ணை ஏற்றிக்கொள்ளலாம்.

வழியைக் காசுக்கு விற்ற பிறகு, திறமையால் வந்தவரையும் காசால் வந்தவரையும் எப்படிப் பிரித்தறிவது? ஜப்பானியச் சுடும் ஆட்டங்கள் பலவற்றில் இதற்கு ஓர் அழகான தீர்வு இருந்தது. அவற்றில் எல்லாப் புள்ளிகளும் பத்தின் மடங்குகள் என்பதால், ஸ்கோரின் கடைசி இலக்கம் எப்போதும் பூச்சியமாகவே கிடக்கும். அந்தச் சும்மா கிடந்த இலக்கத்தைக் கன்டினியூ கணக்குக்குப் பயன்படுத்தினார்கள். மூன்று முறை தொடர்ந்தவரின் ஸ்கோர் மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படும். அப்போது அது பூச்சியத்திலிருந்து தொடங்காமல் 3இலிருந்து தொடங்கும். அவர் பிறகு எவ்வளவு சேர்த்தாலும் பட்டியலில் 482,003 என்பது போல அந்த 3 ஒட்டிக்கொண்டே நிற்கும். 482,000 என்று முடியும் ஸ்கோரைப் பார்த்தவுடன், இவர் ஒரே காசில் வந்தவர் என்று கடையில் யாரும் சொல்லிவிடலாம். காசு கொடுத்தவரை அவமதிக்காமல், கொடுக்காதவரின் உழைப்பையும் மறைக்காமல் கணக்கு வைத்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இன்று பழைய ஆட்டங்களின் மறுவெளியீடுகளில் காசுத் துளைக்குப் பதிலாக ஒரு பொத்தான் இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். ஃபைனல் ஃபைட்டை அப்படி ஒரே மாலையில் முடித்துவிட்டு "இதில் ஒன்றுமே இல்லையே" என்பவர்களிடம் நான் கேட்பதெல்லாம், அமைப்புகளில் கன்டினியூவை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிட்டு, இல்லையென்றால் தாமாகவே ஒரே காசு என்று வைத்துக்கொண்டு, முதல் ஸ்டேஜின் கடைசியில் வரும் பெரிய எதிரியான பாஸைத் தாண்டும்போது எத்தனை உயிர் மிச்சம் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள் என்பதுதான்.