தவச் சூடு தண்டனைச் சூடு அல்ல

"தபஸ் என்றால் செய்த பாவத்துக்கு உடம்பை வருத்தித் தண்டனை அனுபவிப்பது. நெருப்பு நடுவில் உட்கார்ந்ததால்தான் அதற்குச் சூடு என்று பெயர்."

தபஸ், அதாவது தவம் பற்றி இப்படி ஒரு பேச்சு உண்டு. ஆனால் பெயர் அப்படி வரவில்லை. சமஸ்கிருதத்தில் 'தப்' என்ற வேருக்கே சுடுதல் என்றுதான் பொருள். ரிக் வேதத்தின் படைப்புப் பாடலில் (10.129) எல்லாவற்றுக்கும் முதலான 'ஒன்று' தபஸின் வலிமையால் பிறந்தது என்று வருகிறது. அங்கே பாவம் செய்ய ஆளே இல்லை, அப்புறம் தண்டனை யாருக்கு? அது அடைகாக்கும் கோழியின் சூட்டைப் போன்றது; உள்ளே ஒன்றை உருவாக்குவது.

சோம யாகத்துக்கு முன் செய்யும் தீட்சையைப் பாருங்கள். யாகம் செய்பவர் குடிசைக்குள், நெருப்பருகே, கருமான் தோல்மேல் விரல்களை மடக்கிக்கொண்டு, பால் மட்டும் குடித்து இருப்பார். வேதச் சடங்குகளை விளக்கும் பிராமண நூல்கள் அவரைக் கரு என்றே சொல்கின்றன. பசியும் வெப்பமும் அவரை மறுபடி பிறப்பதற்குப் பக்குவப்படுத்துகின்றன.

சமணத்தில் தவம் பழைய பாவத்துக்கான தண்டனைதானே என்று கேட்டால், அது பாதி சரி. அங்கே தவம் பழைய வினையை எரிக்கிறது. ஆனால் அதுவும் ஒட்டிய வினையை உதிர்ப்பதுதான், யாரோ விதித்த தண்டனை இல்லை.

இந்தச் சூடு முதலில் யாக நெருப்பருகே வரும் வியர்வையா, அடைகாத்தலின் உருவகமா என்பதில் எனக்கே ஊசலாட்டம்தான். ஆனால் வெறும் உடல்வதையைக் கீதையே (17.19) தாமசத் தவம் என்று ஒதுக்குகிறது.