ராத்திரி மேடையில் கிடந்த சோறு, சுட வைத்தால் சரியாகிவிடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு வடித்த சோற்றில் தண்ணீரும் ஊற்றாமல், ஃப்ரிட்ஜிலும் வைக்காமல், ஒரு தட்டைப் போட்டு மூடிச் சமையல் மேடையிலேயே விட்டிருந்தால், அதைக் காலையில் சுட வைத்துச் சாப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதையே தாளித்து எலுமிச்சை சாதமாக்கிப் பிள்ளைகளுக்கு டப்பாவில் கட்டிக் கொடுப்பது இன்னும் மோசம்.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் சொன்னார். "நல்லா ஆவி பறக்கச் சுட வெச்சிட்டேன், அதுக்கு மேல எந்தக் கிருமி இருக்கப் போகுது?" அவர் மேல் தப்பில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்றுதான் நம் எல்லோருக்கும் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீருக்கும் பாலுக்கும் அது பெரும்பாலும் சரி. ராத்திரி முழுக்க வெளியில் கிடந்த சோற்றுக்கு மட்டும் அது செல்லாது. ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத நினைக்கிறேன்.

பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா. மண்ணில் வாழ்வது. நெல் வயலில் இருந்து அரிசியோடு ஒட்டிக்கொண்டு நம் வீட்டு அரிசிப் பானை வரை வந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அரிசியிலும் இருக்கலாம், நாலு தண்ணீர் கழுவினாலும் முழுக்கப் போகாது. சூழ்நிலை சரியில்லாதபோது இது தடித்த ஓடு போட்டுக்கொண்டு விதை மாதிரி உறங்கும். அந்த நிலைக்கு ஸ்போர் என்று பெயர். உலையில் கொதித்தாலும் ஸ்போர்களில் ஒரு பகுதி பிழைத்துக்கொள்ளும்.

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அரிசி ஊறிய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து 80 டிகிரியில் 10 நிமிடம் வைப்பார்கள். சாதாரண பாக்டீரியாக்கள் அதில் செத்துவிடும், ஸ்போர்கள் மட்டும் மிஞ்சும். பிறகு முட்டை மஞ்சள் கரு கலந்த, கிருமி வளர்க்கும் ஊடகத்தில் அதைத் தேய்த்து 30 டிகிரியில் விட்டால், மறுநாள் இளஞ்சிவப்பு நிறத்தில் தட்டையான, பளபளப்பில்லாத புள்ளிகள் முளைத்திருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருக்கும். வெந்து போயிருக்க வேண்டிய கிருமி அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால், "சூடு பண்ணியாச்சு" என்ற பேச்சில் அப்புறம் நம்பிக்கை வராது.

சரி, பிழைத்த ஸ்போர் அதுவாக ஒன்றும் செய்துவிடாது. ஆறிய சோற்றில் அது முளைப்பதுதான் பிரச்சினை. உலையின் சூடே அதைத் தட்டி எழுப்பிவிடுகிறது. கூடவே இருந்து போட்டி போட்டிருக்கக் கூடிய மற்றக் கிருமிகள் உலையில் செத்துப் போயிருக்கும். மாவுச்சத்து, ஈரம், இளஞ்சூடு மூன்றும் கையில் இருக்கின்றன. 28 முதல் 35 டிகிரி வரை இதற்கு மிகவும் பிடித்த சூடு. சென்னையிலோ மதுரையிலோ மே மாத ராத்திரியில் நம் அடுக்களையின் சூடு அதுதான்.

ஒரு வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ராத்திரி எட்டரைக்குக் குக்கரில் முக்கால் கிலோ அரிசி வைக்கிறார்கள். சாப்பிட்டது போகப் பாதிக்கு மேல் மிச்சம். மேலே சோறு ஆறின மாதிரி தெரியும், நடுவில் கை வைத்தால் பத்தரை மணிக்கும் சுடும். பதினொன்றரை வாக்கில்தான் பாக்டீரியா வளரக்கூடிய சூட்டுக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்போர் முளைக்க ஒரு மணி நேரம். பன்னிரண்டரையில் இருந்து காலை ஆறரை வரை ஆறு மணி நேரம். 30 டிகிரியில் சோற்றில் இது ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஆறு மணி நேரத்தில் 12 முறை இரட்டித்தால் 4,000 மடங்குக்கு மேல். கிராமுக்கு 100 ஸ்போர் பிழைத்திருந்தால் காலையில் கிராமுக்கு 4 லட்சம். பொதுவாக கிராமுக்கு 1 லட்சத்தைத் தாண்டினாலே ஆபத்து என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த அளவுக்குப் பெருகும்போது இதில் சில வகைகள் செருலைடு என்ற நஞ்சைச் சோற்றிலேயே விடும். விஷயத்தின் கருவே இங்கேதான் இருக்கிறது. இந்த நஞ்சு உயிருள்ள பொருள் இல்லை, சாகடிக்க முடியாது. 121 டிகிரியில், அதாவது பிரஷர் குக்கர் எட்டுகிற சூட்டில், ஒன்றரை மணி நேரம் வைத்தும் இது அழியவில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வயிற்று அமிலமும் செரிமான நீரும்கூட இதை உடைப்பதில்லை. நாம் காலையில் சுட வைக்கும்போது பாக்டீரியா செத்திருக்கலாம், அது கக்கிவிட்டுப் போன நஞ்சு அப்படியே இருக்கும். எலுமிச்சை பிழிவதாலும் பயனில்லை, அந்தப் புளிப்பு வந்து சேரும்போது நேரம் கடந்துவிட்டது.

நம் வீட்டுக் கதை அதோடு முடியவில்லை. ஆறரைக்குத் தாளித்த சோறு சூடாக டப்பாவுக்குள் போய் மூடப்படுகிறது. எலுமிச்சையின் புளிப்பு போதாவிட்டால், தாளிப்பில் தப்பித்த ஸ்போர்கள் அந்த வெதுவெதுப்பில் மறுபடி முளைக்கலாம். பிள்ளை டப்பாவைத் திறப்பது பன்னிரண்டரைக்கு. இன்னொரு ஆறு மணி நேரம் கிடைத்துவிட்டது. அதனால்தான் காலையிலேயே சாப்பிட்ட பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாமல், டப்பா கொண்டு போன பிள்ளைக்கு மட்டும் வாந்தி வரலாம்.

இந்த வாந்திக்கு ஓர் அடையாளம் உண்டு. சாப்பிட்ட அரை மணியில் இருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரும், காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, ஒரு நாளில் அடங்கிவிடும். இதே பாக்டீரியா குடலுக்குள் போய் வேறு நஞ்சை உண்டாக்கினால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வயிற்றுப்போக்கு வரும். இரண்டையும் நம் வீடுகளில் "பித்தம்", "வெயில் ஒத்துக்கல", "கடையில என்னத்த தின்னியோ" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். சோற்றின் மேல் யாருக்கும் சந்தேகம் போவதில்லை, காரணம் சோறு ஊசிப்போகவே இல்லை. நூல் விடவில்லை, வாடை அடிக்கவில்லை. செருலைடுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. ஊசிப்போன சோற்றை எறிந்துவிட வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் ஊசவில்லை என்பதை வைத்து நல்ல சோறு என்று முடிவு கட்ட முடியாது.

இந்த வாந்தி நோயை உலகம் கண்டுபிடித்ததே சோற்றில்தான். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தி எடுத்தார்கள். விசாரித்தால், சோற்றை மொத்தமாக வேகவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டி கட்டியாகிவிடும் என்று ராத்திரி முழுக்க வெளியில் ஆறவிட்டு, மறுநாள் வாணலியில் சட்டென்று வதக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நம் எலுமிச்சை சாதக் கதைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அடுத்த கேள்வி நியாயமானது. "காலம் காலமாகப் பழைய சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்?" ஆமாம். ஆனால் நம் பாட்டிகள் சோற்றை உலர்ந்தபடி மேடையில் விடவில்லையே. தண்ணீர் ஊற்றினார்கள். அந்த ஒரு வேலை நிறையச் செய்கிறது. நடுச்சோறு வரை சீக்கிரம் ஆறிவிடும். நீருக்குள் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றும், அந்தப் புளிப்பு ஏற ஏற பேசிலஸ் சீரியஸால் வளர முடியாது. தினமும் புழங்கிய மண்பானையில் முந்தைய நாளின் புளிப்பு கொஞ்சம் ஒட்டியிருந்து அதற்கு உதவியது. அதோடு அதை யாரும் சுட வைக்கவில்லை. மோரும் உப்பும் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அப்படியே குடித்தார்கள்.

அதனால் பழைய சோற்றுக்கு நான் எதிரி இல்லை, எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருந்தாலும் அதற்கும் எல்லை உண்டு. புளிப்பு ஏறச் சில மணி நேரம் ஆகும், சோப்புப் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் பாத்திரத்தில் இன்னும் தாமதமாகலாம். சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, அது மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த நல்ல தண்ணீர் ஊற்றி, முந்தைய நாள் நீராகாரமோ ஒரு கரண்டி மோரோ சேர்த்து வைத்தால் புளிப்பு சீக்கிரம் பிடிக்கும். காலையில் இதமான புளிப்பு வாசம் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், கீமோ எடுப்பவர்களுக்கும் இதைக் கொடுக்க மாட்டேன். நடுராத்திரி ஒரு மணிக்கு ஞாபகம் வந்து தண்ணீர் ஊற்றுவதும் கணக்கில் சேராது.

உலர்ந்த சோறாகவே வேண்டும் என்றால் சாப்பிட்டு முடித்த கையோடு அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கடியில் வையுங்கள். அரை மணியில் ஆவி அடங்கிவிடும். பிறகு உயரம் குறைந்த டப்பாவில் இரண்டு விரல்கடை உயரத்துக்குப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். சமைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆற வைத்து உள்ளே வையுங்கள், 24 மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள் என்பது பிரிட்டன் உணவுத் தர அமைப்பின் அறிவுரை. அமெரிக்காவில் இரண்டு மணி நேரம் தருகிறார்கள், ஆனால் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் அங்கேயும் ஒரு மணி நேரம்தான். கோடையில் நமக்குப் பொருந்துவது அந்த ஒரு மணி நேரம். காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, நடுவிலும் ஆவி வரும்வரை ஒரே ஒரு தடவை சுட வைத்தால் போதும்.

ஹாட் பாக்ஸில் ராத்திரி முழுக்க வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பத்திரமாக இருப்பதாகத் தோன்றும், உண்மையில் இதுதான் எல்லாவற்றிலும் கெடுதல். 60 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை கவலையில்லை, அதற்குக் கீழே இறங்கினால் மணிக்கணக்காக வெதுவெதுப்பிலேயே நிற்கும்.

காலையில் எழுந்து பார்க்கும்போது மேடையில் பானை அப்படியே இருந்தால், முகர்ந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு ஆழாக்கு அரிசிதான். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால் பதறவும் வேண்டாம், எல்லா வகை பேசிலஸ் சீரியஸும் செருலைடை உண்டாக்குவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. வாந்தி வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி நிற்காமல் போனாலோ, குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, அசந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். செருலைடு மிக அரிதாகக் கல்லீரலைத் தாக்கும். டாக்டரிடம் முந்தைய நாள் சோறு சாப்பிட்டதையும், எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்கு முதல் வாந்தி வந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.