மூணு சதவீதம்னா முதல் நிமிஷத்திலேயே சொல்லிடுங்க

இன்கிரிமென்ட் அறிவிக்கக் கூட்டும் மீட்டிங்கில் பல மேனேஜர்கள் சந்தை நிலவரத்தில் ஆரம்பித்து, போன பெரிய ஆர்டரைச் சொல்லி, எல்லோருடைய உழைப்புக்கும் நன்றி சொல்லி, பதினைந்தாவது நிமிஷத்தில்தான் எண்ணுக்கு வருகிறார்கள். அதற்குள் எதிரே இருப்பவர்கள் வேறொரு முடிவுக்கு வந்திருப்பார்கள்: ஆளைக் குறைக்கப் போகிறார்கள். அந்தப் பயம் வந்தபிறகு சொல்லும் எதுவும் காதில் ஏறாது. கடினமான வருஷத்தில் பேச்சின் முதல் இரண்டு வாக்கியங்களில் இரண்டு விஷயங்கள் வந்துவிட வேண்டும். யாருக்காவது வேலை போகிறதா, எவ்வளவு உயர்வு. நன்றியும் நிலவரமும் அதற்கப்புறம்.

ஆனால் எண்ணைச் சீக்கிரம் சொன்னால் மட்டும் போதாது. "நம்ம டீமுக்கு மூணு சதவீதம்" என்று சொன்னால், ஒவ்வொருவரும் "எனக்கு மூணு" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். மேனேஜர் கையில் கொடுக்கப்பட்டிருப்பதோ மொத்தச் சம்பளத்தில் மூணு சதவீதத் தொகை. அதை எப்படிப் பிரித்தார் என்பதுதான் உண்மையான செய்தி, பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிறகு லெட்டரில் ரெண்டு சதவீதம் பார்ப்பவர், தன் வேலை சரியில்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பேர் டீம். நான்கு ஜூனியர்களுக்குச் சம்பளம் ஆளுக்கு 60, நடுவில் உள்ள நான்கு பேருக்கு 100, இரண்டு சீனியர்களுக்கு 180. மொத்தம் 1000. மூணு சதவீதம் என்றால் கையில் இருப்பது 30. எல்லோருக்கும் ஒரே சதவீதம் கொடுத்தால் ஜூனியருக்கு 1.8 கூடும், சீனியருக்கு 5.4. விலைவாசி 5 சதவீதம் ஏறியிருக்கிற வருஷமாக இருந்தால், 3 சதவீதம் வாங்கிய எல்லோருடைய வாங்கும் சக்தியும் கிட்டத்தட்ட 2 சதவீதம் குறைந்திருக்கும். உயர்வு என்ற பெயரில் வந்த இறக்கம் அது.

அதே 30-ஐ ஆளுக்கு 3 என்று சமமாகக் கொடுத்தால் ஜூனியருக்கு 5 சதவீதம் ஆகிறது, விலைவாசியோடு சரியாக நிற்பார். நடுவில் உள்ளவருக்கு 3. சீனியருக்கு சுமார் 1.7 தான். அவருக்கு இழப்பு 3 சதவீதத்துக்குச் சற்று மேல். தொகை சின்னதாக இருக்கும் வருஷத்தில் இப்படிப் பிரிப்பதே சரி என்பது என் கருத்து. குறைந்த சம்பளக்காரர் வாடகையையும் மளிகையையும் குறைக்க முடியாது. இதிலும் சிக்கல் உண்டு. சீனியர்கள் வேறு இடம் தேட ஆரம்பிக்கலாம். இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து செய்தால் அனுபவத்துக்கும் ஆரம்பநிலைக்கும் உள்ள இடைவெளி சுருங்கி, அதுவே தனிக் குறையாகும். ஒரு வருஷத்துக்கான முறை என்று வெளிப்படையாகச் சொல்லியே செய்ய வேண்டும்.

அதனால் வரிசை முக்கியம். காலையில் அந்த இரண்டு சீனியர்களிடமும் தனித்தனியாகப் பேசிவிட வேண்டும். கூட்டத்தில் வைத்து முதல் தடவையாகத் தெரியவந்தால், முகத்தை அடக்கிக்கொள்ள வேண்டிய அவமானமும் சேர்ந்துவிடும். பிறகு கூட்டம். அன்று மாலைக்குள் எல்லோர் கையிலும் லெட்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டு திங்கட்கிழமை லெட்டர் கொடுத்தால், இடையில் இரண்டு நாள் வதந்திதான் ஓடும்.

பேச்சு ஐந்து நிமிஷம் போதும். இப்படி ஆரம்பிக்கலாம்:

"இன்னைக்கு யார் வேலையும் போறதா இல்லை. இந்த வருஷம் நமக்குக் கிடைச்சது மொத்தச் சம்பளத்துல மூணு சதவீதம். அதை ஆளுக்குச் சமமான தொகையாப் பிரிச்சிருக்கேன். அதனால குறைஞ்ச சம்பளம் வாங்குறவங்களுக்கு சதவீதம் அதிகம், சீனியர்களுக்குக் குறைவு. விலைவாசி அஞ்சு ஏறியிருக்கு. பல பேருக்கு இது ஈடுகட்டாதுன்னு எனக்குத் தெரியும். உங்க வேலையோட தரத்துக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தம் இல்லை, ரேட்டிங் தனியா வரும்."

முதல் வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டுமே சொல்ல வேண்டும். "இன்னைக்கு" என்ற சொல்லை உடனே யாராவது பிடித்துக்கொள்வார்: "அடுத்த காலாண்டுல?" மேலிடத்தில் ஆள்குறைப்பு பற்றிப் பேச்சே இல்லை என்று மேனேஜருக்குத் தெரிந்தால் அதைச் சொல்லலாம். தெரியாவிட்டால், "எனக்கு இதுவரைக்கும் எதுவும் சொல்லப்படலை, அதுக்கு மேல உறுதி கொடுக்க என்னால முடியாது" என்பதே சரியான பதில். கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் பொய்யான உறுதி கொடுத்தால், மூன்று மாதத்தில் அது உடையும்போது அடுத்த வருஷப் பேச்சையும் யாரும் நம்பமாட்டார்கள்.

"நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பதை அன்றைக்கு மட்டுமாவது தவிர்க்க வேண்டும். குடும்பத்தில் சம்பள லெட்டர் கொடுப்பதில்லை. "வேலை இருக்கிறதே பெருசு" என்பது அதைவிட மோசம், அதை மிரட்டலாகத்தான் கேட்பார்கள்.

"நிலைமை சரியானதும் பார்க்கலாம்" என்பதும் வேண்டாம். எந்த மாதம், எந்த எண்ணைப் பார்த்து, யார் முடிவெடுப்பார் என்ற மூன்றும் கையில் இருந்தால் சொல்லலாம். இல்லையென்றால், "அடுத்த அப்ரைசல் வரைக்கும் மாற்றம் இருக்காது" என்று சொல்லிவிட்டால், வீட்டுக் கடன் தவணையையும் பிள்ளைகளின் ஃபீஸையும் அவர்கள் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்வார்கள்.