சங்குப்பூ நீலமும் சின்பாங் சிவப்பும்: நிறத்தை மாற்றுவது புளிப்பு, மருந்தில்லை

ரங்கூன் தமிழர் குழுக்களில் கொஞ்ச காலமாக ஒரே காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் குவளையில் கருநீலச் சங்குப்பூத் தேநீர். மேலே எலுமிச்சை பிழிகிறார்கள். நீலம் ஊதாவாகி, ஊதா ரோஜா நிறமாகிறது. உடனே ஒரு குரல், "பாத்தீங்களா, மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு!" அப்புறம் வழக்கமான பட்டியல்: சர்க்கரை குறையும், ஞாபகசக்தி கூடும், முடி வளரும்.

சங்குப்பூ மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எங்கள் வீட்டு வேலியிலும் படர்ந்து கிடக்கிறது. ஆனால் நிறம் மாறுவதை மருந்துக்குச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துவது சரியில்லை. அந்த நிறமாற்றம் புளிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. உடம்புக்கு என்ன செய்யும் என்பது வேறு கணக்கு, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் செடிகளைப் பிரித்துக்கொள்வோம், இங்கேதான் பாதிக் குழப்பம். கடையில் 'செம்பருத்தித் தேநீர்' என்று விற்கும் சிவப்புச் சருகு, நாம் கோவிலுக்குப் பறித்துப் போகும் செம்பருத்திப் பூ இல்லை. அது பர்மியர் சின்பாங் என்று சொல்லி, இறாலும் மூங்கில் குருத்தும் போட்டு வதக்குகிற புளிச்சக்கீரைச் செடியின் உறுப்பு. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு சிவந்து நிற்கும் புல்லிதழைக் காயவைத்து விற்கிறார்கள். வாயில் போட்டாலே தெரியும், பல் கூசுகிற புளிப்பு. கோவில் செம்பருத்தியைக் கொதிநீரில் போட்டால் புளிக்காது, மங்கலான ஊதா நிறம்தான் இறங்கும், எலுமிச்சை விட்ட பிறகே பளிச்சென்று சிவக்கும். 'செம்பருத்தியும் நிறம் மாறும்' என்று ஒருவரும் 'மாறாது, முதலிலேயே சிவப்புதான்' என்று இன்னொருவரும் சண்டை போடுவது இதனால்தான். இரண்டு பேரும் வெவ்வேறு செடியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். சங்குப்பூவின் நீலத்துக்கும் சின்பாங் சிவப்பின் பெரும்பகுதிக்கும் அடியில் இருக்கும் கரு ஒன்றே. டெல்ஃபினிடின் என்று பெயர், ஆந்தோசயனின் என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நல்ல புளிப்பில் இந்த மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கூடுதலாக வைத்துக்கொண்டு சிவப்பாக நிற்கும். புளிப்பு குறையக் குறைய அதை இழக்கும். அப்போது ஒளியை உறிஞ்சும் விதம் மாறி ஊதாவும் நீலமும் தெரியும். சோடா உப்பு போல புளிப்பை முறிக்கும் காரப்பொருள் எதையாவது போட்டால் நீலத்தோடு மஞ்சள் கலந்து பச்சையாகத் தெரியும். காரம் ரொம்ப ஏறினால் மூலக்கூறின் நடுவளையமே திறந்து, மஞ்சள்தான் மிஞ்சும்.

இந்த நிறமிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. புளிப்பு குறைந்த நீரில், தண்ணீர் மூலக்கூறு ஒன்று வந்து நடுவளையத்தில் ஒட்டிக்கொள்ளும், நிறம் வெளிறிப்போகும். அப்படியானால் சாதாரண வெந்நீரில் சங்குப்பூ எப்படி அவ்வளவு அழுத்தமான நீலமாக நிற்கிறது? அதன் நிறமிக்கு டெர்னாட்டின் என்று பெயர். நடுவில் டெல்ஃபினிடின், இரண்டு பக்கமும் சர்க்கரையும் கூமாரிக் அமிலமும் மாறி மாறிக் கோத்த நீளமான கைகள். அந்தக் கைகளில் இருக்கும் தட்டையான பகுதிகள் மடிந்து வந்து நடுக்கருவின் மேல் குடை பிடித்தாற்போல மூடிக்கொள்கின்றன. தண்ணீர் எளிதில் உள்ளே போக முடியாது, அதனால் நீலம் தாக்குப்பிடிக்கிறது.

சின்பாங் நிறமிக்கு இந்தக் கைகள் கிடையாது, ஒட்டிக்கொண்டிருப்பது சர்க்கரை மட்டும். ஆனால் செடி தன் புளிப்பைத் தானே கொண்டுவருகிறது. அந்தத் தேநீரின் பி.எச். அளவு 2.5-ஐ ஒட்டி இருக்கும், கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில். அந்தப் புளிப்புதான் அதைச் சிவப்பாகவே நிறுத்திவைக்கிறது. ஒன்று மூடிக்கொண்டு பிழைக்கிறது, மற்றது புளிப்பில் ஊறிப் பிழைக்கிறது. ஜெர்மன் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்ன்ஃபிளவர் என்ற நீலப் பூவிலும் சிவப்பு ரோஜாவிலும் இருப்பது ஒரே நிறமி என்று கண்டு, வித்தியாசத்துக்குக் காரணம் புளிப்பு என்றார். பிற்பாடு கார்ன்ஃபிளவர் நீலத்தில் இரும்பு, மெக்னீசியம் போன்ற உலோகங்களுக்கும் பங்கு உண்டு என்று தெரியவந்தது. நிறமியைப் படித்தவர்களுக்கே நிறத்தை மட்டும் வைத்து முழுக் கதை சொல்ல முடியவில்லை.

வீட்டிலேயே செய்து பாருங்கள். காய்ந்த சங்குப்பூ பத்து இதழை ஒரு குவளை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஆறிய பிறகு எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாட்டில் தண்ணீரோ மழைத்தண்ணீரோ என்றால் சில சொட்டிலேயே நீலம் ஊதாவுக்குச் சாயும், ஒரு தேக்கரண்டிக்குள் ரோஜா நிறத்தை எட்டிவிடும். அதே பூ, அதே எலுமிச்சை, ஆனால் போர்த் தண்ணீர் என்றால் முதல் சில சொட்டு எங்கே போனதென்றே தெரியாது, நீலம் அசையாமல் நிற்கும். உப்புக்கடினமான தண்ணீரில் பைகார்பனேட் இருக்கும், முதலில் வரும் புளிப்பை அது தின்றுவிடும். "என் பூவுக்குச் சத்து இல்லை போல, நிறமே மாறலை" என்று எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் அலுத்துக்கொண்டார். பூவில் குறை இல்லை பெரியம்மா, தண்ணீர்தான் அப்படி. இன்னும் நாலு சொட்டு விட்டதும் மாறியது.

அடுத்து ஒரு சிட்டிகை சோடா உப்பு. சங்குப்பூ நீர் பச்சை கலந்த நீலமாகும். உடனே எலுமிச்சை விட்டால் நுரைத்துக்கொண்டு மறுபடி ஊதாவுக்கு வந்துவிடும். சின்பாங் நீரில் அதே சோடா உப்பைப் போட்டால் சிவப்பு போய் அழுக்கு நீலமோ பச்சையோ வரும். அப்படியே விட்டுவைத்தால் பழுப்பாகிவிடும். அதற்கு மேல் எவ்வளவு எலுமிச்சை விட்டாலும் பழைய சிவப்பு முழுதாகத் திரும்பாது. நிறம் வெறுமனே மாறியிருக்கிறதா, நிறமியே சிதைந்துவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்க இதுதான் வழி: புளிப்பு கொடுத்ததும் சிவப்பு திரும்பினால் நிறமி உயிரோடு இருக்கிறது. ரொம்ப நேரம் கொதிக்கவைத்த தேநீரும், வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த பூவும் இதே பழுப்பைத்தான் காட்டும்.

நிறமாற்றத்துக்கு உண்மையான ஒரு பயனும் உண்டு, கலப்படச் சாயத்தைக் கண்டுபிடிப்பது. தெயிஞ்சி சந்தையில் வாங்கின நீலப் பொடியில் எலுமிச்சை பிழிந்தும் நீலம் நீலமாகவே நின்றால் அது சங்குப்பூ இல்லை, செயற்கை நீலமாக இருக்கலாம். சிவப்புப் பொடியில் சோடா உப்பு போட்டும் சிவப்பு கலையாவிட்டால் அங்கேயும் சந்தேகப்படலாம். ஆனால் மாறினால் 'ஆந்தோசயனின் இருக்கிறது' என்று மட்டும்தான் அர்த்தம். சிவப்பு முட்டைக்கோஸ் சாறும் இப்படித்தான் மாறும்.

சரி, உடம்புக்கு என்ன? இங்கே இரண்டு செடிக்கும் ஒரே மதிப்பெண் போட என்னால் முடியாது.

சின்பாங் தேநீருக்குக் கொஞ்சம் நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரத்த அழுத்தம் சற்றே கூடியிருந்த 65 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு சாராருக்கு இந்தத் தேநீர், மற்றவர்களுக்கு அதேபோல் ருசிக்கும் போலிப் பானம், நாளுக்கு மூன்று கோப்பை, ஆறு வாரம். தேநீர் குடித்தவர்களின் மேல் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்தது, மற்றவர்களுக்கு ஒன்றே கால் அளவுதான். இது நல்ல பலன்தான். ஆனாலும் மாத்திரையைத் தூக்கி எறியும் அளவுக்கு இல்லை, 180-ல் இருப்பவருக்கு இது போதவே போதாது. அதுவும் சர்க்கரை போடாமல் குடித்தால்தான். இங்கே ஐஸும் சீனிப்பாகும் கொட்டிக் கொடுப்பதைக் குடித்துவிட்டு அழுத்தம் குறையும் என்று நம்புவது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். இன்னொன்று, அந்த ஆய்வு சின்பாங் புல்லிதழை வைத்து நடந்தது. அதன் பலனைக் கோவில் செம்பருத்தியின் தலையில் ஏற்றக்கூடாது.

சங்குப்பூவின் கணக்கு மெலிந்தது. தாய்லாந்தில் ஆரோக்கியமான ஆண்கள் 15 பேருக்குச் சர்க்கரைக் கரைசலோடு பூச்சாற்றுப் பொடியைக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் மட்டுப்பட்டது. அவர்கள் நீரிழிவு நோயாளிகள் இல்லை, குடித்தது வீட்டுத் தேநீரும் இல்லை. ஞாபகசக்திக் கதையின் பெரும்பகுதி எலிகளை வைத்து, அதுவும் வேர்ச்சாற்றைக் கொடுத்து நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. பூவைக் குடித்துவிட்டு வேரின் பலனை எதிர்பார்க்கிறோம். அமெரிக்கா 2021-ல் சங்குப்பூச் சாற்றுக்கு அனுமதி கொடுத்தது உண்மை, ஆனால் உணவுக்கு நிறம் ஏற்றும் பொருளாகத்தான், மருந்தாக இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்போ 2022-ல் காய்ந்த பூவின் மேல் ஆட்சேபம் எழுப்பியது, அதில் இருக்கும் சைக்ளோடைட் என்ற புரதங்களின் பாதுகாப்பு நிரூபிக்கப்படவில்லை என்று. அதற்காகப் பயந்து வேலியை வெட்ட வேண்டாம். எப்போதாவது ஒரு குவளை அழகுக்காகக் குடிப்பதில் எனக்குத் தயக்கமில்லை, நானும் குடிக்கிறேன். விதையை மட்டும் தேநீரில் விழ விடாதீர்கள், வாந்தியும் பேதியும் வரும்.

சின்பாங்கைக் கொதிக்கவைக்க அலுமினியச் சட்டி வேண்டாம், அந்தப் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். எவர்சில்வரோ கண்ணாடியோ போதும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் தினமும் குடிப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், இரண்டும் சேர்ந்து அழுத்தம் அதிகமாக இறங்கலாம். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது.

நம் ஊர்க்காரர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது மலேரியா மாத்திரை பற்றி. சின்பாங் புல்லிதழ்ப் பானத்தைச் சூடானில் கர்கதே என்று குடிப்பார்கள். அதோடு குளோரோகுயின் சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேரும் அளவு வெகுவாகக் குறைகிறது என்று 1994-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆய்வில் எலுமிச்சைப் பானத்துக்கும் அதே முடிவுதான். காய்ச்சலுக்குக் குளோரோகுயின் கொடுத்திருந்தால் நீலமும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம், வெறும் தண்ணீரில் விழுங்குங்கள்.