ஓடிப் போவதாகத் தெரியாமல் டீம் மாறுவது எப்படி?

எங்கள் பழைய ப்ராஜெக்டில் இருக்கும் ஒரு பெண் போன வாரம் போன் செய்தாள். "அக்கா, ஐ.ஜே.பி. போட்டுடலாம்னு இருக்கேன். ஆனா அவருக்குப் பயந்து ஓடுறேன்னு பேசுவாங்களே?" ஐ.ஜே.பி. என்பது கம்பெனிக்குள் இருக்கும் காலியிடத்துக்கு உள்ளே இருப்பவர்களே விண்ணப்பிப்பது. அவள் சொல்லும் அதே மேனேஜரிடம் நான் இரண்டரை வருடம் இருந்தேன். ராத்திரி பத்து மணிக்குக் கால், நான் தயாரித்த ரிப்போர்ட்டில் அவர் பெயர், எல்லார் முன்னாலும் திட்டு. அவள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதல் தடவை நான் ஒரு பிப்ரவரி மாதம் விண்ணப்பித்தேன், அதுவும் கோபத்தில், ஒரு திட்டு வாங்கிய அன்று இரவே. மறுநாள் காலை சிஸ்டத்திலிருந்து அவருக்குத் தானாக மெயில் போய்விட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "இவள் இல்லாமல் கிளையண்ட் வேலை நடக்காது" என்று எழுதி என்னை ப்ராஜெக்டிலிருந்து விடுவிக்க மறுத்தார். அந்த வருட ரேட்டிங் மார்ச்சில் முடிவாக வேண்டியிருந்தது. அதையும் ஒரு படி குறைத்தார். அடுத்த டீமில் என்னைப் பார்க்க விரும்பியவர் இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.

அவர் மோசமானவர் என்பது உண்மைதான். ஆனாலும் என்னைத் தடுக்க அவர் கையில் மூன்று பிடிகளைக் கொடுத்தவள் நான்: ரேட்டிங் முடியாத நேரம், எனக்கு மாற்றாக ஆள் இல்லாத நிலை, அவரிடம் முன்கூட்டியே சொல்லாதது.

அடுத்த தடவை இந்த மூன்றையும் எடுத்துவிட்டேன். அக்டோபரிலேயே என் வேலையை ஜூனியர் ஒருவருக்குக் கற்றுத்தர ஆரம்பித்தேன். மாதக் கடைசி ரிப்போர்ட்டை டிசம்பரில் அவனையே செய்ய வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜனவரியில் நான் லீவு போட்ட வாரத்திலும் அது தடையின்றிப் போனது. "இவள் இல்லாமல் நடக்காது" என்ற பேச்சுக்கு அந்த ஒரு வாரமே பதில். அதே மாதங்களில் டேட்டா டீமுக்கு வேண்டிய எஸ்.க்யூ.எல்., பைத்தான் இரண்டையும் படித்தேன். ஏப்ரல் கடைசியில் ரேட்டிங் வெளிவந்தது. மே முதல் வாரத்தில் விண்ணப்பித்தேன். அன்று காலை விண்ணப்பிக்கும் முன்பே அவர் அறைக்குப் போய், "டேட்டா பக்கம் போக வேண்டும் என்று ஆறு மாதமாகப் படிக்கிறேன், ஒரு இடம் வந்திருக்கிறது, உங்களிடம் சொல்லிவிட்டுப் போடலாம் என்று வந்தேன்" என்றேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்டர்வியூவிலும் "ஏன் மாறுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். அதே பதிலைத்தான் சொன்னேன். இது பொய்யில்லையா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை. எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன, ஒன்றைச் சொன்னேன். ஆனால் சொல்லும் காரணம் நிஜமாக இருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த கேள்வியே "அதற்காக என்ன செய்தீர்கள்?" என்றுதான் வரும். வெறும் "புதிதாகக் கற்க ஆசை" என்றால் எதிரே இருப்பவருக்கு உடனே புரிந்துவிடும். உள்ளே மாறும்போது புது மேனேஜர் பழையவருக்குப் பெரும்பாலும் ஒரு போன் போடுவார், அதையும் மறக்க வேண்டாம். அதனால் என்னுடன் வேலை பார்த்த கிளையண்ட் தரப்பு லீடையும் மேனேஜருக்கு மேலே இருந்தவரையும் விசாரிக்கலாம் என்று நானே சொல்லி வைத்தேன்.

தேர்வான பிறகுதான் பெரிய இழுபறி. என்னை விடுவிக்கப் பழைய மேனேஜர் 90 நாள் கேட்டார், புது டீம் 30 நாளில் வரச் சொன்னது, 45 நாளில் முடிந்தது. அந்தத் தேதியை இரண்டு மேனேஜர்களுக்கும் ரிசோர்ஸ் டீமுக்கும் ஒரே மெயிலில் போட்டு, எல்லாரும் சரி என்று பதில் தரும் வரை விடவில்லை. வாய்வார்த்தையாக விட்டால் "இந்த ரிலீஸ் முடியட்டும்" என்று தேதி தள்ளிக்கொண்டே போகும். அப்படி நான்கு மாதம் காத்திருந்து இடத்தையே இழந்தவரை எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தொல்லை பாலியல் ரீதியானது என்றால் இந்த வழி போதாது, சத்தமில்லாமல் நகரவும் வேண்டாம். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். விசாரணை நடக்கும்போதே அவரையோ உங்களையோ வேறு இடத்துக்கு மாற்றும்படியும், மூன்று மாதம் வரை லீவு தரும்படியும் கேட்கலாம்.

போன் செய்த பெண்ணுக்கு அந்த மாதிரிப் பிரச்சினை இல்லை. அவள் ப்ராஜெக்டில் சேர்ந்து 14 மாதம் ஆகிறது. அவர்கள் விதிப்படி 18 மாதம் முடிந்தால்தான் ஐ.ஜே.பி. போட முடியும். இந்த நான்கு மாதத்தில் யாருக்கு வேலையைக் கற்றுத்தருவாய் என்று கேட்டேன். ஒரு பையன் இருக்கிறான் என்றாள். நாளையே ஆரம்பி என்று சொல்லியிருக்கிறேன்.